வீட்டிலேயே பாஸ்போர்ட் படம்: எல்லாம் தூரத்தில்தான் இருக்கிறது

அக்காவின் விண்ணப்பத்துக்கு 35×45 மில்லிமீட்டர் படம் தேவைப்பட்டது. வீட்டிலேயே எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். விதிமுறைத் தாளில் வரிகள் நிறைய இருந்தாலும் பாதிக்கு மேல் சுலபம்: நேராகப் பார், வாயை மூடு, முடி கண்ணை மறைக்கக் கூடாது. வெள்ளைச் சட்டை சுவரோடு கலந்து தோளே தெரியாமல் போகும், அதனால் கரும்பச்சை. படுத்தியவை இரண்டுதான்: பின்னால் விழும் நிழலும் முகத்தின் வடிவமும்.

முதலில் சுவரை ஒட்டி நின்றாள். காதுக்குப் பக்கத்தில் இன்னொரு காது மாதிரி நிழல். ஃபிளாஷ் போட்டால் இன்னும் மோசம். அது லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தாடையையும் காதையும் ஒட்டி, கோடு போட்டதுபோல் நிழல் விழும். சுவரை விட்டு ஒரு மீட்டருக்கு மேல் முன்னால் வரச் சொன்னதும் நிழல் பரந்து மங்கிக் காணாமல் போய்விட்டது. வெளிச்சத்துக்குப் பெரிய சன்னலே போதும், நேர் வெயில் மட்டும் உள்ளே விழக் கூடாது. சன்னலைப் பார்த்து அவள் நிற்க, நான் சன்னலின் ஓரமாக நின்றேன். மறுபக்கக் கன்னம் கொஞ்சம் இருட்டாக வந்தது. அந்தப் பக்கம் நாற்காலி மேல் வெள்ளைப் போர்வையை விரித்துத் தொங்கவிட்டேன், அது சரியானது. மோவாய்க்குக் கீழே இருந்த கருமைக்கு, ஒரு வெள்ளைத் துண்டை இடுப்பளவில் விரித்துப் பிடித்துக்கொண்டாள். படத்தில் துண்டு வராது, அதன் வெளிச்சம் மட்டும் வரும். அறையின் மஞ்சள் பல்பை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு கன்னம் மஞ்சளாகவும் இன்னொன்று நீலமாகவும் தெரியும்.

சுவர் வெள்ளையாக இருந்தும் படத்தில் சாம்பலாக வந்தது. வெள்ளை அதிகமாக இருந்தால் போன் தானாகவே படத்தை இருட்டாக்கிவிடும். முகத்தைத் தொட்டு ஃபோகஸ் வைத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினேன். எதுவரை கூட்டலாம் என்பதை நெற்றி சொல்லிவிடும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ தோலின் நிறம் போய் வெள்ளைத் திட்டு தெரிந்தால் அதிகம்.

அடுத்தது கேமரா தூரம். அக்கா முன்பு எடுத்து வைத்திருந்த செல்ஃபியைக் காட்டி, “மூக்கு மட்டும் ஏன்டா இவ்வளவு பெருசா இருக்கு?” என்றாள். கை நீட்டும் தூரத்தில் மூக்கு லென்ஸுக்கு ரொம்பக் கிட்டே, காது அதைவிடப் பின்னால். அந்த வித்தியாசம் அப்படியே பெரிதாகித் தெரிகிறது. பின்பக்கக் கேமராவை அவள் கண் மட்டத்தில், ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்து எடுத்ததும் அவள் முகம் அவள் முகமாக இருந்தது. அழகுபடுத்தும் ஃபில்டரையும், பின்புலத்தை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடையும் அணைத்து வைத்தேன். போர்ட்ரெய்ட் மோட் காது மடலையும் முடி ஓரத்தையும் கடித்துவிடும். பெரிதாக்கிப் பார்த்தால்தான் அது தெரியும்.

இனி வெட்டும் கணக்கு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ பயண ஆவணங்களுக்கு வைத்திருக்கும் விதியில் மோவாயிலிருந்து உச்சந்தலை வரை படத்தின் உயரத்தில் 70 முதல் 80 சதவீதம் இருக்க வேண்டும். 45 மில்லிமீட்டரில் அது ஏறக்குறைய 32 முதல் 36. நான் நடுவில் 34 என்று வைத்துக்கொண்டேன். படத்தில் தலை 1500 பிக்சல் உயரம் இருந்தது. 1500ஐ 34ஆல் வகுத்து 45ஆல் பெருக்கினால் உயரம் 1985, அதற்கேற்ற அகலம் 1544. அந்தக் கட்டத்துக்குள் முகத்தை நடுவில் வைத்து, தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு வெட்டினேன். அமெரிக்காவுக்கு என்றால் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே 2 அங்குலச் சதுரம், தலை 25 முதல் 35 மில்லிமீட்டர், 2016 நவம்பரிலிருந்து கண்ணாடியும் கூடாது. எந்த நாட்டுக்கு எடுத்தாலும் அந்தந்த நாட்டுத் தாளைப் பார்த்துத்தான் கட்டம் போட வேண்டும்.

அச்சுக்கு 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், ஒரு படம் 413×531 பிக்சல். 4×6 அங்குலத் தாளில் நான்கு நான்காக இரண்டு வரிசை, மொத்தம் எட்டு படங்கள் உட்காரும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அச்சிடும்போது `Fit to page` தேர்வாகியிருந்தால் எல்லாமே கொஞ்சம் சுருங்கும். ஓரமில்லாத அச்சு என்றால் கொஞ்சம் பெரிதாகும். கண்ணுக்கு இரண்டுமே தெரியாது. தாளில் படங்கள் போக மீதியிருந்த பட்டையில் 591 பிக்சல் நீளத்துக்கு ஒரு கோடு வரைந்து வைத்தேன். அச்சில் அது சரியாக 50 மில்லிமீட்டர் வர வேண்டும். முதல் தாளில் ஸ்கேல் வைத்துப் பார்த்தபோது 48தான் இருந்தது. அளவை `100%` என்று மாற்றி மறுபடி அச்சிட்டதும் 50 வந்தது, அப்புறம்தான் கத்திரியை எடுத்தேன்.