ஏழாவது கருத்துக்கு எழுதிய பதில்

எங்கள் ஆய்வுக் கட்டுரையைப் பற்றிய கருத்துகளுக்குப் பதில் எழுதி இதழுக்கு அனுப்பிய அந்த மின்னஞ்சலை இன்னும் அழிக்கவில்லை. நான்கு மாதங்களில் பத்துத் தடவையாவது திறந்து படித்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் அதே பத்தியில் போய் நிற்கிறேன். எழுதியது சரிதானே என்று ஒரு தடவை தோன்றும். அடுத்த தடவை, இவ்வளவு சாமர்த்தியமாக எழுதியிருக்க வேண்டாமே என்று தோன்றும்.

கட்டுரையைப் படித்துக் குறை நிறை சொல்ல இதழ் கேட்டுக்கொண்ட இரண்டு மதிப்பாய்வாளர்களும் சேர்த்து 17 கருத்துகள் எழுதியிருந்தார்கள். பெரிய திருத்தம் செய்து திருப்பி அனுப்புங்கள் என்பது எடிட்டரின் முடிவு. 14 கருத்துகளை அப்படியே ஏற்றுக்கொண்டோம், இரண்டைப் பாதி ஏற்றோம். மறுத்தது ஒன்றே ஒன்று, இரண்டாம் மதிப்பாய்வாளரின் ஏழாவது கருத்து.

அதில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. முதலாவது: இவ்வளவு சிறிய ஆய்வை வைத்து "வித்தியாசம் இல்லை" என்று சொல்லிவிட முடியுமா? இரண்டாவது: கிடைத்த முடிவுகளை வைத்து ஆய்வின் பவரைக் கணக்கிட்டுச் சேர்க்கவும்.

முதுகுவலிக்கான ஓர் உடற்பயிற்சி பற்றிய ஆய்வு அது. பயிற்சி செய்த குழு ஒன்று, ஒப்பிட இன்னொன்று. குழுவுக்கு 42 பேர், வலியை 0 முதல் 10 வரை மதிப்பெண்ணாகக் கேட்டோம். மற்றக் குழுவைவிட 1.5 மதிப்பெண்ணாவது அதிகமாகக் குறைந்தால்தான் நோயாளிக்குப் பயன் என்று தொடங்கும்போதே எழுதிவைத்திருந்தோம். அப்படி ஒரு வித்தியாசம் உண்மையில் இருந்தால் 90 சதவீத வாய்ப்பில் கண்ணில் படும் என்ற கணக்கில்தான் 42 என்ற எண் வந்தது. அந்த வாய்ப்புக்குத்தான் பவர் என்று பெயர். கடைசியில் கிடைத்த வித்தியாசம் 0.6. அதன் 95 சதவீத நம்பக இடைவெளி, அதாவது எங்கள் தரவோடு ஒத்துப்போகக்கூடிய வித்தியாசங்களின் வீச்சு, −0.3 முதல் 1.5 வரை. பி மதிப்பு, அதாவது வித்தியாசமே இல்லாவிட்டாலும் இந்த அளவோ இதைவிடப் பெரிதோ தற்செயலாகக் கிடைக்கும் வாய்ப்பு, 0.19.

இனி அந்த இரண்டாவது வாக்கியம். முடிவு கைக்கு வந்தபிறகு, அந்த முடிவையே உண்மை என்று வைத்துக்கொண்டு பவரைக் கணக்கிட்டால் எங்கள் ஆய்வுக்குச் சுமார் 26 சதவீதம் வரும். பார்த்ததும், பாவம், பலவீனமான ஆய்வு என்று தோன்றும். ஆனால் அது பி மதிப்பே வேறு சட்டை போட்டுக்கொண்டு வருவதுதான். பி மதிப்பு 0.05 என்றால் இந்தப் பவர் ஏறக்குறைய 50 சதவீதம். பி மதிப்பு ஏற ஏற இது இறங்கும். ஒன்று தெரிந்தால் மற்றது தானாகத் தெரியும், புதிதாக எதுவும் கிடைக்காது. புள்ளியியல் இதழ்களில் 2001-லேயே விரிவாக எழுதப்பட்ட விஷயம். ஆனாலும் மதிப்பாய்வாளர்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

என் முதல் வரைவில், "மதிப்பாய்வாளர் இங்கே பவர் என்ற கருத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்" என்று இருந்தது. கட்டுரையின் மூத்த ஆசிரியர் அதை அடித்துவிட்டார். "எடிட்டர் தேடிப்பிடிச்சுக் கேட்டு வாங்கின ஆள் அவர். அவரைத் தப்புன்னா எடிட்டரையும் சேர்த்துச் சொன்ன மாதிரி. கணக்கைப் பத்தி மட்டும் பேசுங்க" என்றார். பிறகு அவரே, "பேசாம அந்த எண்ணைக் குடுத்துட்டுப் போயிடலாமே? ஒரு வரிதானே" என்றார்.

அரை நிமிட வேலைதான். அந்த ஒரு வரிக்காக இன்னொரு சுற்று அலைய வேண்டாம் என்பது அவர் கணக்கு. எனக்கு மனம் வரவில்லை. பொருளில்லாத எண் என்று தெரிந்தே அச்சேற்றினால், படிக்கிறவர் அதற்கு ஒரு பொருளைத் தாமாகவே கொடுத்துக்கொள்வார். அரை மணி நேரம் வாதாடினேன். "சரி, எழுதுங்க. குரல் மட்டும் உசரக் கூடாது" என்று விட்டுவிட்டார்.

அனுப்பியது இது:

"கருத்து 7-க்கு நன்றி. ஆய்வின் அளவைப் பற்றி மதிப்பாய்வாளர் எழுப்பும் கேள்வி முக்கியமானது. ஆனால் கிடைத்த வித்தியாசத்தையே வைத்துக் கணக்கிடும் பவர், பி மதிப்பிலிருந்து நேரடியாக வருவது. வாசகருக்கு அது புதிய தகவல் எதையும் தராது. எனவே அதைச் சேர்க்க வேண்டாம் என்று கருதுகிறோம். அதற்குப் பதிலாக, நம்பக இடைவெளியைச் சுருக்கத்திலும் சேர்த்துள்ளோம் (பக்கம் 2, வரி 41). ஆய்வுக்கு முன்பே செய்த கணக்கு பக்கம் 6-இல் உள்ளது."

எடிட்டருக்கு எழுதிய மடலிலும், 17-இல் ஒன்றை மட்டும் ஏற்கவில்லை, காரணம் இது, இறுதி முடிவு உங்களுடையது என்று இரண்டு வரி சேர்த்தேன். மறுப்பைப் பதில்களின் நடுவே புதைத்துவைத்து எடிட்டர் பார்க்காமல் போகட்டும் என்று விடுவதைவிட அது நேர்மை என்று பட்டது. மதிப்பாய்வாளருக்கு முன்னால் எடிட்டரை நம் பக்கம் இழுத்துக்கொள்ளும் வேலையும் அதில் கொஞ்சம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. முதல் மதிப்பாய்வாளருக்கு முழுத் திருப்தி. இரண்டாமவர் எழுதியது ஒரே வரி: "கருத்து 7-க்கான பதிலைப் படித்தேன்; முடிவை எடிட்டரிடம் விடுகிறேன்." கட்டுரை ஏற்கப்பட்டது. மூத்த ஆசிரியர் பாராட்டி ஒரு செய்தி அனுப்பினார். நானும் இரண்டு நாள் தலை நிமிர்ந்தே நடந்தேன்.

"பதிலைப் படித்தேன்" என்ற அந்த வரி அதற்குப் பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. ஒத்துக்கொள்கிறேன் என்று அவர் எழுதவில்லை.

மதிப்பாய்வாளரின் கருத்தை ஒரு சொல் விடாமல் ஒட்டி, அதன் கீழே பதில் எழுதுவது ஏன்? வசதியான பாதிக்கு மட்டும் பதில் சொல்லித் தப்பித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். நான் முழுசாகத்தான் ஒட்டினேன். பதில் சொன்னது இரண்டாவது வாக்கியத்துக்கு மட்டும். முதல் வாக்கியத்துக்குக் கிடைத்தது "முக்கியமானது" என்ற ஒரு சொல், பின்னாலேயே ஓர் "ஆனால்".

அந்த முதல் வாக்கியத்தில் அவர் சொன்னதுதான் சரி. எங்கள் இடைவெளியின் மேல் நுனி 1.5. பயன் என்று நாங்களே கோடு கிழித்த எண்ணும் அதே 1.5. அந்த அளவு பயன் இருக்க வாய்ப்பு குறைவு என்று சொல்லலாம், இல்லவே இல்லை என்று எங்கள் தரவை வைத்துச் சொல்ல முடியாது. 0.8 அல்லது 1 மதிப்பெண் குறைந்திருக்க நன்றாகவே இடம் இருக்கிறது. ஆனால் சுருக்கத்தின் கடைசி வரி "வித்தியாசம் இல்லை" என்றே அச்சாகியிருக்கிறது. "தெளிவான வித்தியாசம் தென்படவில்லை, சிறிய பயன் இருக்க வாய்ப்புண்டு" என்று மாற்றி, பவர் கணக்கை மட்டும் மறுத்திருந்தால் பதில் இன்னும் உறுதியாகவே இருந்திருக்கும். அவர் கேட்ட கருவிதான் தவறு. கவலை நியாயமானது.

அப்போது அது தெரியவில்லையா? நம்பக இடைவெளியைச் சுருக்கத்தில் சேர்த்தவனே நான்தான். எண் அங்கேயே இருக்கிறது, படிக்கிறவர் பார்த்துக்கொள்ளலாம். இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எடிட்டரும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லையே என்பது அடுத்த சமாதானம். ஆனால் அவர் கவனம் எங்கே இருக்க வேண்டும் என்று மடலில் இரண்டு வரி எழுதிக் காட்டியவனும் நான்தான். பவர் விவாதத்தில் ஜெயிக்க வேண்டும் என்ற வேகத்தில் மற்றது கண்ணில் படாமல் போயிருக்கலாம். பட்டும், இப்போது வாக்கியத்தை மாற்றினால் பின்வாங்கியதுபோல் ஆகிவிடும் என்று விட்டிருக்கலாம். எது என்று இன்றைக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மூத்த ஆசிரியரிடம் சொன்னபோது, "அச்சாயிடுச்சு, விடுங்க. எல்லாரும் இப்படித்தான் எழுதறாங்க" என்றார். எல்லோரும் எழுதுவது உண்மைதான்.

போன வாரம் இன்னொரு குழுவின் கட்டுரையில் எங்களை மேற்கோள் காட்டியிருந்தார்கள். அந்தப் பயிற்சி வலியைக் குறைப்பதில்லை என்று நாங்கள் நிறுவியிருக்கிறோமாம். இதழுக்கு ஒரு திருத்தக் குறிப்பு அனுப்பலாமா என்று வரைவு எழுதிவைத்திருக்கிறேன். அதையும் மரியாதையாகத்தான் தொடங்கியிருக்கிறேன். முதல் வரியில், இந்தக் கேள்வியை முதலில் எழுப்பியவர் இரண்டாம் மதிப்பாய்வாளர் என்று இருக்கிறது. இன்னும் அனுப்பவில்லை.