அரசுக் கலைக் கல்லூரிக் கலந்தாய்வில் ஒரிஜினல் சரிபார்க்கும் மேசை

அக்கா மகளுக்கு இளங்கலை சேர்க்கைக்காக எங்கள் பக்கத்து அரசு கலை அறிவியல் கல்லூரிக் கலந்தாய்வுக்குத் துணையாகப் போயிருந்தேன். மருத்துவம், பொறியியல் போல வீட்டிலிருந்தே சீட்டைத் தேர்வு செய்யும் வசதி இங்கே இல்லை. விண்ணப்பம் மட்டும்தான் ஆன்லைன். ரேங்க் பட்டியல் வந்த பிறகு, குறிப்பிட்ட தேதியில் மாணவர் நேரில் வந்து ஒரிஜினலைக் காட்ட வேண்டும். அங்கே சரி என்று சொன்னால்தான் பாடம் தேர்ந்தெடுக்கும் மேசைக்கே போக முடியும்.

கையில் இருக்க வேண்டியவற்றை அழைப்பிலேயே போட்டிருப்பார்கள். விண்ணப்பத்தின் பிரிண்ட், மாற்றுச் சான்றிதழ் (டிசி), பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் பாஸ்புக், பாஸ்போர்ட் அளவு போட்டோ, கட்டணப் பணம். பன்னிரண்டாம் வகுப்புக்கு அசல் சான்றிதழ் அந்தச் சமயத்தில் பள்ளிக்கே வந்திருக்காது. தலைமையாசிரியர் கையெழுத்துடன் உள்ள தற்காலிக மதிப்பெண் பட்டியல் போதும். எல்லாவற்றுக்கும் மூன்று செட் ஜெராக்ஸ் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். அன்றைக்கு வாசலில் இருந்த ஒரே ஜெராக்ஸ் கடையில் நின்ற கூட்டம் கலந்தாய்வுக் கூட்டத்தைவிடப் பெரிது. டிசியை லேமினேட் செய்ய வேண்டாம். அது கல்லூரியின் கோப்பில் சேரப்போகிற தாள்.

காகிதத்தையே கொண்டுவராதவர்கள் அன்று குறைவுதான். மேசையில் மாட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும், ஒரு தாளில் இருப்பது இன்னொரு தாளோடு ஒத்துப்போகாதவர்கள். சரிபார்ப்பவர் ஒரு கையில் விண்ணப்பத்தையும் இன்னொரு கையில் ஒரிஜினலையும் வைத்துக்கொண்டு பெயர், இனிஷியல், பிறந்த தேதி, அப்பா பெயர், சாதிப் பிரிவு, மதிப்பெண் என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறார். ரேங்க் போட்டது நாம் விண்ணப்பத்தில் நிரப்பியதை வைத்து. அது உண்மைதானா என்று முதல் தடவை பார்ப்பது இங்கேதான்.

எங்களுக்கு இரண்டு பேர் முன்னால் ஒரு பையன். விண்ணப்பத்தில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று தேர்வு செய்திருக்கிறான். கையில் இருந்த சான்றிதழ் பிற்படுத்தப்பட்டோர் என்று சொன்னது. கம்ப்யூட்டர் சென்டரில் வேறு யாரோ நிரப்பிக் கொடுத்தார்களாம். சரிபார்ப்பவர் கத்தவில்லை. "தம்பி, சர்டிபிகேட்ல இருக்கறதுதான் எங்களுக்குக் கணக்கு" என்றார். தமிழ்நாட்டின் 69 சதவீத ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20 என்று தனித்தனி வரிசைகள். வரிசை மாறினால் ரேங்கும் மாறுகிறது. அவன் கேட்ட வணிகவியலில் பிற்படுத்தப்பட்டோர் இடம் அவனைவிட அதிக மதிப்பெண் வாங்கியவர்களோடு முடிந்துபோயிருந்தது. வரலாறு கிடைக்கும் என்றார்கள். அவன் அப்பாவைப் பார்த்தான். அவர் யோசித்துவிட்டு வருகிறோம் என்று எழுந்தார். யோசித்துவிட்டு வருவதற்குள் இடம் அங்கே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சாதிச் சான்றிதழே இல்லாமல் வந்தால் என்ன ஆகும்? பலர் டிசியைக் காட்டி "இதுல இருக்கே" என்கிறார்கள். டிசியில் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும், வருவாய்த் துறை தந்த சான்றிதழைப் பார்க்கவும் என்றுதான் எழுதியிருக்கும். ஆகவே டிசி இதற்கு உதவாது. பொதுப்பிரிவின் 31 சதவீதத்தில் மதிப்பெண் எட்டினால் அதில் மட்டும் இடம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று மேலே போய்க் கையெழுத்தாகும்: பிற்படுத்தப்பட்டோருக்குத் துணை வட்டாட்சியர், பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர். தேர்வு முடிவு வரும் நேரத்தில் ஊரே விண்ணப்பித்திருக்கும் என்பதால், ஏப்ரல் விடுமுறையில் போடுவதுதான் புத்திசாலித்தனம். அப்பாவின் சான்றிதழ் இருந்தால் அதையும் இணைத்துவிடுங்கள், விசாரணை எளிதாகும். பழைய அட்டை வடிவச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். மாநில அரசின் சாதிச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. ஆண்டுதோறும் புதிதாக வாங்கச் சொல்வது மத்திய அரசின் ஓபிசி சான்றிதழை. அது வேறு, இங்கே அதைக் காட்டினால் செல்லாது.

பெயர்ப் பிரச்சினைக்கு வருகிறேன். எங்கள் வீட்டுப் பெண்ணுக்கே அது இருந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'காவியா மு', டிசியில் 'காவ்யா மு', சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் முருகேசன், ஆதாரில் முருகேஷ். (பெயர்களை மாற்றியிருக்கிறேன், சிக்கல் இதேதான்.) ரேங்க் பட்டியல் வருவதற்கு முன்பே எல்லாத் தாளையும் தரையில் பரப்பி ஒப்பிட்டதில் தெரிந்தது. எதைத் திருத்துவது என்பதில் ஒரு வரிசை உண்டு. பெயருக்கும் பிறந்த தேதிக்கும் பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதோடு பொருத்த வேண்டும். ஏனென்றால் மதிப்பெண் சான்றிதழைத் திருத்துவது பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போகிற வேலை, சீக்கிரம் நடக்காது. டிசியைப் பள்ளித் தலைமையாசிரியரே திருத்திக் கொடுத்துவிடுவார். ஆதாரை ஆதார் மையத்தில் திருத்தலாம். நாங்கள் டிசியை மாற்றி வாங்கினோம், ஆதாரைத் திருத்த விண்ணப்பித்து அந்த ரசீதைக் கையில் வைத்திருந்தோம். சரிபார்ப்பவர் அப்பா பெயரில் நின்று பார்த்தார், ரசீதைக் காட்டியதும் தலையாட்டினார். சாதி பெரும்பாலும் அப்பா வழியில் பார்க்கப்படுவதால் அந்தப் பெயரில் அவர்களுக்குக் கண் அதிகம்.

அன்று திரும்பிப் போனவர்களில் என்னை அதிகம் வருத்தியது ஒரு பெண். முடிவு வந்த வாரமே பயத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பணம் கட்டிச் சேர்ந்திருக்கிறாள். டிசி அங்கே. அரசுக் கல்லூரியில் ரேங்க் நன்றாக வந்திருந்தும் காட்ட டிசி இல்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக்கூடாது, சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. ஆனாலும் அறிவிப்பைக் காட்டி அன்றைக்கே தாளை வாங்கிவிட முடியுமா? சேர்ந்து விலகினால் அந்தக் கல்லூரி டிசி எழுதித் தர வேண்டும், அதற்குள் கட்டணப் பேச்சு. அவளை அடுத்த கட்டக் கலந்தாய்வுக்கு வரச் சொன்னார்கள். அது மீதி இடங்களுக்கு மட்டும் நடப்பது, விருப்பப் பாடம் மிஞ்சியிருப்பது அதிர்ஷ்டம்.

நேரமும் ஒரு காரணம்தான். ரேங்க் வரிசைப்படி கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். பிறகு வந்தால் அப்போது என்ன மிச்சமோ அதிலிருந்துதான். பஸ் தாமதம் என்றெல்லாம் சொல்ல முடியாது. மாணவர் வராமல் பெற்றோர் மட்டும் வந்த ஒருவரையும் திருப்பி அனுப்பினார்கள்.

எங்கள் முறை வந்து கணிதம் கிடைத்தது. பணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்தோம். டிசியின் இரண்டு பக்கத்தையும் போனில் படமெடுத்து, ஜெராக்ஸிலும் ஒன்று ஒதுக்கி வைத்தோம். உள்ளே கொடுத்த பிறகு அதைப் பார்க்கக் கிடைப்பது கஷ்டம், உதவித்தொகைக்கும் பஸ் பாஸுக்கும் அதிலுள்ள விவரம் தேவைப்படலாம். எந்தெந்த ஒரிஜினலை வாங்கிக்கொண்டார்கள் என்று ஒரு ஒப்புகைச் சீட்டும் கேட்டேன். அலுவலர் சலித்துக்கொண்டாலும், சீல் வைத்து எழுதிக் கொடுத்துவிட்டார்.