மொய் நோட்டு கணினிக்கு ஏறுகிறது

ஜூன் 7, சனி. செம்பூர்

ஆவணியில் ஊரில் ஒரு கல்யாணம். பத்திரிகை வந்துவிட்டது, எவ்வளவு செய்வது என்ற பேச்சு வழக்கம்போல அத்தையின் ஞாபகத்தில் போய் முட்டி நின்றது. அத்தைக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. இனிமேலும் அந்த ஒரு தலையை நம்பி எல்லாக் கணக்கையும் வைத்திருக்க முடியாது என்று எங்கள் கல்யாண மொய் நோட்டைப் பரணில் இருந்து இறக்கினேன். 1994. நீள நோட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நாலு மூலையிலும் மஞ்சள். மும்பை மழைக்காலங்களை எல்லாம் ட்ரங்கு பெட்டிக்குள் இருந்தே கடந்திருக்கிறது. சில தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, பக்க எண்ணையே படத்துக்குப் பெயராக வைத்தேன். இனி நோட்டைப் புரட்டாமல் படத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம்.

ஜூன் 8, ஞாயிறு

'வரவு' என்று பெயரிட்ட ஷீட்டில் பத்திகள்: பக்கம், வரி, நோட்டில் உள்ளபடி, வீட்டு எண், ஊர், தொகை. மூன்றாவது பத்தியில் எதையும் திருத்தக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். மொய் எழுதியவர் 'பம்பாய் முருகன்' என்று எழுதியிருந்தால் அப்படியேதான் இருக்கும். எந்த முருகன் என்பதை, குடும்பத்துக்கு ஒன்றாக நானே போடும் வீட்டு எண் சொல்லட்டும்.

அந்த எண் இல்லாமல் ஆகாது. 1995-இல் ஊர்ப் பெயர் மாறியது. அதற்கு முந்தைய நோட்டில் பம்பாய், பிறகு வந்த நோட்டுகளில் மும்பை, இன்னொன்றில் தாராவி. மூன்றும் ஒரே ஆள். பெயரை வைத்துக் கூட்டினால் ஒரு வீட்டின் கணக்கு மூன்று துண்டாகிவிடும். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயருக்கும் வீடு சொன்னார்கள்.

முதல் வரிக்கே தகராறு. தாய்மாமன், அரை பவுன் மோதிரம்.

"என் தம்பி செஞ்சது சீருல்லா, அதுக்குமா கணக்கு?"

சரி என்று சீருக்குத் தனி ஷீட் போட்டேன். அதில் ரூபாய் இல்லை, எடை மட்டும்: 4 கிராம். தங்கத்துக்கு அன்றைய விலையை எழுதி வைத்தால் இன்றைக்கு அதற்கு அர்த்தமே கிடையாது.

ஜூன் 10, செவ்வாய்

ஆபீஸ் முடிந்து வந்து பக்க மொத்தங்களைச் சரிபார்த்தேன். மொய் எழுதியவர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டல் போட்டு வைத்திருக்கிறார், அது பெரிய உதவி. ஷீட்டில் பக்கவாரியாகக் கூட்டி அதோடு ஒப்பிட்டால் தட்டச்சுப் பிழையோ வாசிப்புப் பிழையோ இருந்தால் அங்கேயே பிடிபடும். எல்லாப் பக்கமும் பொருந்தியது, ஆறாம் பக்கத்தைத் தவிர. நோட்டில் 1,815. என் கூட்டலில் 2,265. வித்தியாசம் 450.

கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது பழைய தந்திரம்: வித்தியாசம் ஒன்பதால் மீதமில்லாமல் வகுபட்டால், இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம், அல்லது ஒரு சைபர் விழுந்திருக்கலாம், நுழைந்திருக்கலாம். 450-ஐ ஒன்பதால் வகுத்தால் 50. அப்படியானால் எங்கோ ஒரு 501, 51 ஆகியிருக்கிறது, அல்லது 51, 501 ஆகியிருக்கிறது. அந்தப் பக்கத்தில் 501 என்று நான் அடித்தது ஒரே ஒரு வரிதான். நாங்குநேரிப் பெரியவர், வீட்டு எண் 37. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் 5-க்கும் 1-க்கும் நடுவில் தாள் மடிப்பு, அதன் மேல் மஞ்சள் கறை. சைபர் இருப்பது போலவும் தெரிகிறது, இல்லாதது போலவும் தெரிகிறது.

அத்தை சந்தேகமே இல்லாமல் 51 என்கிறார்கள். அன்று கூட்டியவரும் 51 என்றுதான் படித்திருக்கிறார்.

ஜூன் 14, சனி

கடைசிப் பக்கத்தில் பதில் இருந்தது. ராத்திரி பெட்டியைத் திறந்து பணம் எண்ணியபோது எழுதிய பட்டியல் அது. நூறு எத்தனை, ஐம்பது எத்தனை, சில்லறை எவ்வளவு என்று போட்டு, அதன் கீழே சின்ன எழுத்தில் 'ரொக்கத்தில் கூடுதல் 450'. எழுதிய மொய்யைவிடப் பெட்டியில் 450 ரூபாய் அதிகம் இருந்திருக்கிறது. மற்ற பக்கங்கள் எல்லாம் பொருந்துவதால் அந்த 450-க்கு வேறு இடமே இல்லை. பெரியவர் கொடுத்தது 501தான். 1994-இல் அது சின்னத் தொகை இல்லை.

அத்தை ரொம்ப நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம், "அவுக பொண்ணு கல்யாணத்துக்கு நாம முந்நூத்தியொண்ணு செஞ்சோம். பெருசாச் செஞ்சிட்டோம்னு மாமா சொல்லிக்கிட்டே இருந்தாகளே" என்றார்கள்.

அந்த 301-க்கு ஆதாரமும் கிடைத்தது. மொய் எழுதிவிட்டு வந்ததும் பத்திரிகை மூலையில் தொகையைக் குறித்து வைப்பது மாமாவின் பழக்கம். 2003 பத்திரிகை, பென்சிலில் 301. அப்படிப் பத்திரிகைகளாகவே ஒரு பை நிறைய இருக்கிறது. நாங்கள் செய்த மொய்க்கு அதுதான் நோட்டு.

ஜூன் 15, ஞாயிறு

பத்திரிகைப் பையை 'செய்தது' ஷீட்டில் ஏற்றினேன். பத்திகள் அதே வரிசை. அடுத்து 'வீடுகள்' ஷீட், அதில் வீட்டுக்கு ஒரு வரி, முதல் பத்தியில் வீட்டு எண். பாக்கிக்கு இது போதும்:

```
=SUMIFS('வரவு'!F:F,'வரவு'!D:D,A2)-SUMIFS('செய்தது'!F:F,'செய்தது'!D:D,A2)
```

வந்தது கழித்தல் செய்தது. கூட்டல் எண் வந்தால் நாம் செய்ய வேண்டியது, கழித்தல் வந்தால் அவர்கள் செய்ய வேண்டியது.

நாங்குநேரி வீட்டுக்கு 701 என்று வந்தது. 1994-இல் 501, 2003-இல் நாம் செய்தது 301, பிறகு 2012-இல் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு அங்கிருந்து வந்த 501. சூத்திரம் சரிதான், ஆனால் அத்தை தலையாட்டவில்லை. பெரியவர் இப்போது இல்லை. 2007-இல் பாகம் பிரிந்துவிட்டது. 2012-இல் வந்த 501 இளைய மகனுடையது. இப்போது கல்யாணம் மூத்தவர் வீட்டில்.

"பாகத்துக்கு முன்னால உள்ளது பொது. எந்த மகன் வீட்டு விசேஷம் முதல்ல வருதோ அங்க செய்யணும். பெறகு வந்தது அவனவனுக்கு."

எல்லா ஊரிலும் இப்படித்தானா என்றால் இல்லை. சில குடும்பங்களில் பழைய மொய்யையும் பாகத்தில் சேர்த்து எழுதிக்கொள்வார்கள். எங்கள் பக்கத்துக்கு அத்தை சொல்வதுதான் வழக்கம். 37-ஐ மூன்றாக்கினேன்: 37 பொது, 37-அ மூத்தவர், 37-ஆ இளையவர். பொதுவில் 200 பாக்கி, இளையவருக்கு 501, மூத்தவருக்கு எதுவும் இல்லை.

51 என்று வைத்திருந்தால் பொதுக் கணக்கு கழித்தல் 250 ஆகியிருக்கும். அவர்கள்தான் நமக்குச் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கல்யாணத்துக்குப் போயிருப்போம்.

ஜூன் 21, சனி

மகன் போனில் ஒரு யோசனை சொன்னான். 1994 ரூபாயை விலைவாசிக்கு ஏற்றவாறு பெருக்கி ஒரு பத்தி வைக்கலாமாம். வேண்டாம் என்றேன். நம் ஆட்களிடம் விலைவாசியைச் சரிக்கட்டுவது புது நடைதான். பழைய நடையை ரூபாய்க்கு ரூபாய் திருப்பிவிட்டு, அதற்கு மேல் வைப்பது புது நடை. அது உறவையும் கையிருப்பையும் பார்த்து முடிவாவது. அதைச் சூத்திரம் தீர்மானிக்க ஆரம்பித்தால் அத்தை லேப்டாப்பை மூடிவிடுவார்கள்.

அதனால் கடைசிப் பத்தியை வெறுமையாக விட்டிருக்கிறேன். பழைய நடையை மட்டும் ஷீட் காட்டும். மூத்தவர் வீட்டுக்கு அத்தையும் என் வீட்டுக்காரரும் பேசி முடிவு செய்தது 1001. அதில் 200 பழையது, 801 புதியது. 'செய்தது' ஷீட்டில் இரண்டு வரியாகத்தான் போட வேண்டும், 37-க்கு 200, 37-அ-வுக்கு 801. ஒரே வரியாகப் போட்டால் பொதுக் கணக்கு தீராமல் நிற்கும், நாளைக்கு இளையவர் வீட்டிலும் அதே 200-ஐ இன்னொரு முறை செய்வோம்.

ஜூன் 29, ஞாயிறு

வீடு தெரியாத பெயர்கள் கொஞ்சம் மிச்சம். ஊர்வாரியாகப் பிரித்து, அந்த வரிகளின் படத்தோடு ஊரில் இருக்கும் மைனிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். தொகையை மறைத்துத்தான் அனுப்பினேன். யார் எவ்வளவு செய்தார்கள் என்பது தெருவுக்குத் தெரிய வேண்டியதில்லை. சாயங்காலத்துக்குள் பாதிக்குப் பதில் வந்துவிட்டது. இரண்டு பேரைப் பற்றி மட்டும், "இவுக பொண்ணு வீட்டு ஆளுகல்லா, நம்ம நோட்டுல எப்படி வந்தாக?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்படியானால் அந்த இரண்டும் என் அம்மா வீட்டுக் கணக்கு. தம்பியிடம் பெண் வீட்டு நோட்டைத் தேடச் சொல்லியிருக்கிறேன்.