செப்டம்பர் 5, மாலை 6.10: ஒரு புகார் மின்னஞ்சலை எழுதிய விதம்

என் பிரிவில் வேலை செய்யும் ஓர் ஆண் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியது நான்கு பக்கம் வந்தது. இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து ஒன்றரை மணிக்கு முடித்தேன். விடிந்ததும் மனிதவளத் துறைக்கு அனுப்பிவிடுவது என்றுதான் இருந்தேன். நல்ல வேளையாக, அனுப்புவதற்கு முன் சித்தியிடம் காட்டினேன். சித்தி தொழிலாளர் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். படித்துவிட்டு ஒரு பென்சிலை எடுத்தார். ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் ஓர் எழுத்தைப் போட்டுக்கொண்டே வந்தார்: நான் கண்ணால் பார்த்ததற்குப் ‘பா’, காதால் கேட்டதற்குக் ‘கே’, நானாக நினைத்துக்கொண்டதற்கு ‘நி’. நான்கு பக்கத்திலும் பெரும்பாலும் ‘நி’தான் இருந்தது.

“இதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லையடி. ஆனால் இந்தக் கடிதம் அவன் கைக்கும் போகும். ‘நி’ போட்ட இடத்தில் எல்லாம் அவனுக்குப் பதில் சொல்வது சுலபம்” என்றார்.

அது எனக்கு அதுவரை தெரியாது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். புகார் அந்தக் குழுவிடம் வந்த ஏழு வேலை நாட்களுக்குள், புகாருக்கு ஆளானவருக்கு அதன் நகல் போய்விடும். அவர் பத்து வேலை நாட்களுக்குள் பதில் கொடுக்க வேண்டும். நான் எழுதுவதை வரி வரியாகப் படித்து மறுக்கப்போகும் முதல் ஆள் அவர்தான்.

அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு, புகாரின் உள்ளடக்கத்தையும் சம்பந்தப்பட்டவர்களின் அடையாளத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது. அதனால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. அதைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். எழுதிய முறையைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

சித்தி அடித்த வாக்கியங்களில் ஒன்று: “நான் தனியாக இருப்பதைத் தெரிந்துகொண்டு, வேண்டுமென்றே ஆவண அறைக்குள் வந்தார்.” தெரிந்துகொண்டு வந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? வேண்டுமென்றே என்பது அவர் மனதில் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. “சரி, உள்ளே வந்தபோது கையில் என்ன வைத்திருந்தார்?” என்று சித்தி கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கோப்பு எடுக்கவோ வைக்கவோ அவர் வரவில்லை. ஐந்து நிமிடம் கழித்து வெறுங்கையோடுதான் வெளியே போனார். அந்த வாக்கியம் இப்படி மாறியது: “அறையில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. அவர் கையில் கோப்போ காகிதமோ இல்லை. எந்தக் கோப்பையும் கேட்கவில்லை, எடுக்கவும் இல்லை.” என் ஊகத்தைவிட இது எவ்வளவு கனமானது என்று எழுதி முடித்த பிறகுதான் புரிந்தது.

“எல்லாப் பெண்களிடமும் இப்படித்தான் நடந்துகொள்கிறார்” என்றும் எழுதியிருந்தேன். எங்கள் பிரிவில் இன்னொரு பெண் தனக்கும் செய்திகள் வந்ததாக ஒருமுறை சொல்லியிருந்தாள். அவளிடம் போய், உன் பெயரைக் குறிப்பிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் அக்கா என்றாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். அந்த வரியை முழுவதுமாக எடுத்துவிட்டேன். அவளுக்கு நடந்ததைச் சொல்லும் உரிமை அவளுக்குத்தான் உண்டு. பெயர் இல்லாமல் ‘மற்றவர்களும்’ என்று எழுதியிருந்தால், யார் அந்த மற்றவர்கள் என்ற தேடல் அவள் மேஜையில்தான் போய் நின்றிருக்கும்.

ஆனால் எனக்கு என்ன ஆனது என்பதைச் சித்தி அடிக்கவில்லை. அங்கே நான்தான் சாட்சி. “மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளானேன்” என்ற வரிக்குப் பதிலாக, செப்டம்பர் 5க்குப் பிறகு நான் ஆவண அறைக்குத் தனியாகப் போவதில்லை, இரண்டு முறை வேறொருவரை உடன் அழைத்துப் போனேன் என்று எழுதினேன்.

அடுத்த வேலை தேதிகள். இதற்கு முழுதாக மூன்று மாலைகள் பிடித்தன. கடைசிச் சம்பவம் விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய நாள் நடந்தது என்று சத்தியம் செய்யும் அளவுக்கு நம்பிக்கொண்டிருந்தேன். 2024இல் சதுர்த்தி செப்டம்பர் 7, சனிக்கிழமை. அப்படியானால் 6, வெள்ளி. வருகைப் பதிவைத் திறந்து பார்த்தால் வெள்ளிக்கிழமை நான் விடுப்பில் இருந்திருக்கிறேன்! ஊருக்குப் பஸ் பிடிக்க வியாழன் இரவே கிளம்பியிருந்தேன். பஸ் டிக்கெட் கைபேசியில் இருந்தது. ஆக, சம்பவம் நடந்தது 5ஆம் தேதி. நான் 6 என்று எழுதி அனுப்பியிருந்தால், “அன்று அவர் அலுவலகத்திலேயே இல்லை” என்ற ஒரே வரியில் என் புகார் முழுவதும் ஆட்டம் கண்டிருக்கும். நினைவில் இருக்கும் தேதியை, கையில் இருக்கும் ஏதாவது ஒரு பதிவோடு ஒட்டிப் பார்க்காமல் எழுதாதீர்கள். வருகைப் பதிவு, கூட்ட அழைப்பு, பணம் செலுத்திய குறுஞ்செய்தி, எதுவாக இருந்தாலும் சரி. பதிவு கிடைக்காத இடத்தில் ‘சுமார் காலை 11.30’ என்று எழுதினேன்.

வாட்ஸ்ஆப் செய்திகளைப் படம் பிடித்தபோது இன்னொரு தவறு தெரிந்தது. படத்தில் மேலே அவர் பெயர் மட்டும்தான் வந்தது, எண் வரவில்லை. யாருடைய எண்ணையும் அந்தப் பெயரில் சேமிக்கலாமே என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். எண் தெரியும் பக்கத்தையும் தனியாகப் படம் எடுத்துச் சேர்த்தேன். உரையாடலை அழிக்காமல் அதே கைபேசியில் வைத்திருந்தேன். அவர் அனுப்பி உடனே நீக்கிய ஒரு செய்தியும் இருந்தது. அதில் என்ன இருந்திருக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. ஆனால் நான் படிக்கவில்லை. ஆகவே படிக்கவில்லை என்றே எழுதினேன்.

கடைசியில் அனுப்பியது ஒரு பக்கம்தான். மேலே சொன்ன வரிகளை மறுபடி எழுதாமல், ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் தமிழில் இது:

“பொருள்: 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எழுத்துப்பூர்வப் புகார்.

என் பிரிவில் பணிபுரியும் (பெயர், பதவி) என்னிடம் நடந்துகொண்ட விதம் குறித்து இந்தப் புகாரை அளிக்கிறேன். இதை உள்ளகப் புகார்க் குழுவின் முன் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2024 ஜூலை 9, செவ்வாய், சுமார் காலை 11.30. அச்சு இயந்திரத்தின் அருகே என்னிடம், ‘இந்தப் புடவையில் உன்னைப் பார்த்தால் வேலை ஓடவில்லை’ என்றார். நான் பதில் சொல்லாமல் என் இடத்துக்குத் திரும்பினேன். (சக ஊழியர் பெயர்) அருகில் இருந்தார். அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது.

ஜூலை 25, வியாழன், இரவு 10.47. ‘தூங்கிவிட்டாயா? புதுப் படம் எனக்காகவா?’ என்று வாட்ஸ்ஆப்பில் செய்தி அனுப்பினார். 11.05க்கு வந்த இரண்டாவது செய்தி, நான் படிக்கும் முன் நீக்கப்பட்டது. நான் பதில் அனுப்பவில்லை. படங்கள் இணைப்பில்.

ஆகஸ்ட் 13, செவ்வாய். வாராந்திரக் கூட்டம் முடிந்ததும், எனக்குத் தனிப்பட்ட செய்திகள் அனுப்ப வேண்டாம் என்று அவரிடம் நேரில் சொன்னேன். ‘சும்மா விளையாட்டுக்குத்தான்’ என்றார்.

செப்டம்பர் 5, வியாழன், மாலை சுமார் 6.10. ஆவண அறையில் பின்னாலிருந்து என் வலது தோளில் கை வைத்தார். நான் விலகி, ‘கையை எடுங்கள்’ என்றேன். எடுத்தார். பிறகு மறுபடியும் அதே தோளில் வைத்தார். நான் வெளியேறினேன். அறைக் கதவின் அட்டைப் பதிவையும், நடைபாதைக் கேமராவின் அன்றைய பதிவையும் அழியாமல் பாதுகாத்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

விசாரணை முடியும்வரை நான் அவருடன் ஒரே குழுவில் பணியாற்றாமல் இருக்க ஏற்பாடு செய்யும்படி வேண்டுகிறேன். இந்தப் புகார் கிடைத்ததை எழுத்தில் உறுதிசெய்யவும்.”

ஆகஸ்ட் 13ஆம் தேதிப் பத்தியை முதலில் நான் எழுதவே இல்லை. அன்று அவர் ஒன்றும் செய்யவில்லையே என்று நினைத்தேன். சித்திதான் சேர்க்கச் சொன்னார். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்ன நாள் அது. அதற்குப் பிறகு நடந்தது எதையும், அவளுக்கு விருப்பமில்லை என்று தெரியாது எனச் சொல்லித் தப்ப முடியாது. கேமராப் பதிவைக் கேட்ட வரியும் அவர் யோசனைதான். பல அலுவலகங்களில் சில வாரங்களிலேயே பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

செப்டம்பர் 18 காலை மனிதவளத் துறைக்கு அனுப்பினேன். நகல் புகார்க் குழுத் தலைவருக்கு. அவர் பெயர் எங்கே கிடைத்தது என்றால், உணவறைச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பில். குழு உறுப்பினர்களின் விவரம் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம்வரை நீட்டிக்கலாம். எனக்கு அந்தச் சிக்கல் வரவில்லை.

மறுநாள் மனிதவளத் துறையிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கனிவாகத்தான் பேசினார். “நேரில் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாமே, எதற்கு விசாரணை வரைக்கும்?” என்றார். எனக்கு ஒரு கணம் மனம் தளர்ந்தது, உண்மை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சமரசம் என்பது புகார் கொடுத்தவர் தானாகக் கேட்டால் மட்டுமே உண்டு. அப்போதும் பணத்தை வைத்துச் சமரசம் செய்ய முடியாது. அன்று மாலையே இரண்டு வரி எழுதி அனுப்பினேன்: “இன்று பிற்பகல் 3.15க்கு நாம் தொலைபேசியில் பேசியதைக் குறிப்பிடுகிறேன். நான் சமரசம் கோரவில்லை. புகாரைக் குழுவிடம் ஒப்படைத்த தேதியைத் தெரிவிக்கவும்.” அதற்குப் பிறகு அங்கிருந்து வந்ததெல்லாம் எழுத்தில்தான் வந்தது. திங்கட்கிழமை, கையொப்பமிட்ட ஆறு பிரதிகளை இணைப்புகளோடும் சாட்சியின் பெயர், முகவரியோடும் கேட்டார்கள். விதிகள் கேட்கும் எண்ணிக்கை அது.

நிரூபிக்க முடியாமல் போனால் என் மேலேயே நடவடிக்கை வருமோ என்ற பயம் எனக்கு நிறைய இருந்தது. பொய் என்று தெரிந்தே, கெட்ட நோக்கத்தோடு கொடுத்த புகாருக்குத்தான் 14ஆம் பிரிவு தண்டனை சொல்கிறது. போதிய ஆதாரம் காட்ட முடியவில்லை என்பதற்காக மட்டும் அது பாயாது என்று அதே பிரிவிலேயே இருக்கிறது. சித்தி அந்த வரியைக் காட்டிய பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

புகாருக்கு ஆளானவரின் பதில் வந்தது. செய்திகளை ஒப்புக்கொண்டிருந்தார், நட்பாக அனுப்பியது என்று. தோளில் கை வைத்ததை மறுத்து, கோப்பு எடுக்கப் போனபோது தெரியாமல் பட்டிருக்கலாம் என்று எழுதியிருந்தார்.

விசாரணை தீபாவளி கழிந்த வாரம் நடந்தது. வழக்கறிஞர்களுக்கு அங்கே இடமில்லை. குழுவினர் எதிரில் நான் மட்டும். உள்ளே போகும்போது உள்ளங்கை வியர்த்திருந்தது. “செப்டம்பர் 5 என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?” என்று தலைவர் கேட்டார். வருகைப் பதிவையும் பஸ் டிக்கெட்டையும் மேஜையில் வைத்தேன். “தெரியாமல் பட்டிருக்கலாம் என்கிறாரே?” என்றார் வெளியிலிருந்து வந்த உறுப்பினர். புகாரின் செப்டம்பர் 5ஆம் தேதிப் பத்தியைப் படித்தேன். கையை எடுங்கள் என்றேன், எடுத்தார், பிறகு மறுபடியும் வைத்தார். கோப்பு எதையும் அவர் எடுக்கவில்லை. அதற்கு மேல் நான் எதையும் சேர்க்கவில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று நினைக்கிறீர்கள் என்று யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை.

சட்டம் தரும் 90 நாட்களுக்குள் விசாரணை முடிந்து, அறிக்கையின் நகல் எனக்கும் வந்தது. எனக்கு நியாயம் கிடைத்தது. அதில் என்ன எழுதியிருந்தது, என்ன நடவடிக்கை என்பதை இங்கே சொல்ல மாட்டேன். ஆவண அறைக்கு இப்போது தனியாகத்தான் போகிறேன்.