பேப்பரோட இண்ட்ரோவ கீழருந்து மேல எழுதுறது

எங்க ஆஸ்பத்திரில நர்ஸ்ங்களும் ரிசர்ச் பண்ணனும்னு வந்த பிறகு, புதுசா பேப்பர் எழுதுறவங்க டிராஃப்ட் நிறைய என் கைக்கு வருது. மெத்தட் எல்லாம் நல்லாத்தான் இருக்கும், இண்ட்ரோலதான் சிக்கல். போன வருஷம் ஒரு தங்கச்சி கொண்டு வந்த டிராஃப்ட வச்சே சொல்றேன், அவ கிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன்.

அவ எடுத்த விஷயம் ரொம்ப நல்ல விஷயம். இன்சுலின் போடுறவங்க ஒரே இடத்துல திரும்பத் திரும்ப ஊசி குத்துனா தோலுக்கு அடில கொழுப்பு கட்டி மாதிரி தடிச்சுப்போகும். அங்க குத்துனா வலி கம்மி, அதனால வயசானவங்க அங்கயேதான் போடுவாங்க. ஆனா அந்த இடத்துல மருந்து சரியா உறிஞ்சாது, ஒரு நாள் சுகர் ஏறும், ஒரு நாள் இறங்கும். திடீர்னு வேற இடத்துக்கு மாத்தி அதே டோஸ் போட்டா சுகர் ரொம்ப இறங்கி மயக்கமே வரலாம். பேஷண்டே தன் விரலால தடவிப் பாத்து இந்தக் கட்டிய கண்டுபிடிக்க முடியுமா, இதுதான் அவ கேள்வி.

ஆனா டிராஃப்ட் எப்படி ஆரம்பிச்சுதுன்னா, உலகத்துல நீரிழிவு பெருகுது, 2016ல சிங்கப்பூர் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரா போரே அறிவிச்சுது, அப்புறம் கிட்னி, கண்ணு, கால் புண்ணுன்னு ஒரு பாரா, அப்புறம் 1921ல இன்சுலின் கண்டுபிடிச்ச கதை, கடைசி வரில "ஆகவே இந்த ஆய்வு ஊசிக் கட்டியை வயதான பேஷண்டே தன் கையால் கண்டறிவதை ஆராய்ந்து சுகர் கட்டுப்பாட்டை மேம்படுத்தும்". கட்டிங்கற வார்த்தையே அங்கதான் முதல் தடவையா வருது! புனல் மாதிரி மேல அகலமா இருந்து கீழ குறுகணும்னு எல்லாரும் சொல்லிக் குடுக்குறாங்க, இங்க கடைசி வரி வரைக்கும் அகலம் குறையவே இல்ல.

நான் அவ கிட்ட கேட்டது ஒண்ணுதான், "நோக்கம் சொல்ற வரில இருக்குற முக்கியமான வார்த்தைகள அடிக்கோடு போடும்மா, ஒவ்வொண்ணும் மேல எங்க வந்திருக்குன்னு காட்டு". வயசான பேஷண்ட், சொந்தக் கை, கட்டி, சுகர் கட்டுப்பாடு. தேடிப் பாத்துட்டு, "அக்கா, சுகர் மட்டும்தான் மேல இருக்கு, அதுவும் நான் அளக்கவே இல்லையே"ன்னா. சரியாப் புடிச்சா. அவ ஸ்டடில பேஷண்ட் காட்டுற இடமும் நர்ஸ் தடவிக் கண்டுபிடிக்கிற இடமும் ஒத்துப்போகுதான்னுதான் பாக்குறா, ஹெச்பிஏ1சி எடுக்கவே இல்ல. மெத்தட் அளக்காத ஒண்ண நோக்கத்துல வச்சா ரிவ்யூவர் அதத்தான் முதல்ல கேப்பாங்க. அதனால நோக்கத்த முதல்ல திருத்துனோம்: இன்சுலின் போடுற வயசானவங்க தடவிப் பாத்து சொல்றது, பயிற்சி எடுத்த நர்ஸ் சொல்றதோட எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு பாக்குறது. அவ்வளவுதான்.

நோக்கத்துக்கு மேல வர்றது ஆய்வு இடைவெளி, அதாவது இன்னும் தெரியாம இருக்குற விஷயம். இங்கதான் நிறைய பேர் "இத சிங்கப்பூர்ல யாரும் செய்யல"ன்னு எழுதி முடிச்சிடுறாங்க. யாரும் செய்யாதது ஆயிரம் இருக்கு, தெரியாததால என்ன கெட்டுப்போகுதுன்னு சொன்னாத்தான் அது இடைவெளி. அவ எழுதுனது இப்படி வந்துச்சு: கட்டிய பத்தின ஆய்வுகள்ல கட்டிய கண்டுபிடிக்கிறது பெரும்பாலும் டாக்டரோ நர்ஸோதான், ஆனா பேஷண்ட் அவங்க முன்னாடி வர்றது சில மாசத்துக்கு ஒருக்கா, ஊசி போடுறது தினமும், நடுவுல கட்டி வளர்ந்தா பாக்க வேண்டியது அவரு கைதான், அந்தக் கைய எவ்வளவு நம்பலாம்னு நாங்க தேடுன வரைக்கும் தெளிவா இல்ல. "நாங்க தேடுன வரைக்கும்"ங்கறத விடக்கூடாது, எந்த டேட்டாபேஸ்ல எந்த சொல்ல போட்டுத் தேடுனோம்னு குறிச்சும் வச்சுக்கணும், ரிவ்யூவர் ஒரு பழைய பேப்பர காட்டுனா நிக்க அதுதான் இடம்.

கடைசியாத்தான் முதல் பாரா. எவ்வளவு அகலமா தொடங்கணும்ங்கறத ஜர்னல் படிக்கிறவங்கதான் முடிவு பண்றாங்க. இவ அனுப்புறது நீரிழிவு நர்ஸ்ங்க படிக்கிற ஜர்னல், அவங்களுக்கு நீரிழிவு பெருகுதுன்னு சொல்ல வேண்டாம். டோஸ் மாத்தாமலே சுகர் ஏறி இறங்குற பேஷண்ட்ங்கறதுலயே தொடங்கலாம், அது அவங்க தினமும் பாக்குற பிரச்சினை. பொது மருத்துவ ஜர்னலா இருந்தா ஒரு படி மேல போயி இன்சுலின் போடுற முதியவங்கன்னு தொடங்கலாம். கிட்னி, கண்ணு, 1921 எல்லாம் போச்சு, அதுங்க எதுவும் கட்டிக்கு கூட்டிட்டுப் போகல. இன்சுலின் கதைய எடுக்க அவளுக்கு மனசே வரல, கஷ்டப்பட்டு படிச்சு எழுதுனது, புரியுது, ஆனா எடுத்துட்டா.

ஒன்றரை பக்கம் இருந்த இண்ட்ரோ முக்கால் பக்கம் ஆச்சு. அப்புறம் டிஸ்கஷன எடுத்துப் பாத்தா அதோட முதல் வரியும் சுகர் கட்டுப்பாட்டுலதான் நிக்குது, அதையும் புது நோக்கத்துக்கு நேரா பதில் சொல்ற மாதிரி மாத்தச் சொல்லியிருக்கேன்.