ஸ்கின் டெப்த்: ஃபார்முலாவ மனப்பாடம் பண்றதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிடுங்க

கேட் எக்ஸாமுக்கு ஈஎம் படிக்கிற ஜூனியர்ஸ்கிட்ட "ஹை ஃப்ரீக்வென்சில கரண்ட் ஏன் சர்ஃபேஸ்லயே ஓடுது"ன்னு கேட்டா பத்துல எட்டு பேர் சொல்ற பதில், எலக்ட்ரான் ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டு வெளிய வந்துடும்ங்கிறதுதான். அது கண்டக்டர்ல சும்மா நிக்கிற சார்ஜுக்கு சரி, ஸ்கின் எஃபெக்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அதுதான் காரணம்னா டிசி கரண்ட்டும் சர்ஃபேஸ்லதான ஓடணும், ஆனா டிசி கம்பியோட முழு குறுக்குவெட்டுலயும் சமமா பரவி ஓடுது. வைவால இந்த பதில சொன்னா அடுத்த கேள்வியே இதுதான் வரும், ரெடியா இருங்க.

நெஜமான காரணம் என்னன்னா, கம்பிக்குள்ள கரண்ட்ட தள்ளுற எலக்ட்ரிக் ஃபீல்டு வெளிப்பக்கத்துல இருந்துதான் உள்ள நுழையுது. மேல் லேயர்ல ஃபீல்டு மாறுனதும் அங்க கரண்ட் மாறும், அதனால மேக்னடிக் ஃபீல்டு மாறும், அந்த மாற்றத்த எதிர்த்து லென்ஸ் விதிப்படி ஒரு ஃபீல்டு உண்டாகி உள் லேயருக்கு போறத தடுத்து தாமதப்படுத்தும். தடுக்குதுன்னா ஒரேயடியா இல்ல, மெதுவா உள்ள இறங்கும். ஈக்வேஷன் எழுதிப் பாத்தா இது ஹீட் டிஃப்யூஷன் ஈக்வேஷன் அப்படியேதான். நம்ம மொட்டை மாடி தளத்த நெனச்சுக்கோங்க, மேல மத்தியானம் கால் வைக்க முடியாது, ஆனா கீழ ரூம்ல சீலிங் அனல் அடிக்கிறது சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு மேலதான், அதுவும் மேல ஏறி இறங்குற அளவுக்கு கீழ ஏறி இறங்காது. குறையுறதும் லேட்டாகுறதும் ரெண்டும் சேர்ந்தே நடக்குது பாருங்க, கண்டக்டர்லயும் அதே கதைதான்.

இங்க இருந்து ரெண்டு விஷயம் தானா வந்துடும். டிஃப்யூஷன்ல போற தூரம் நேரத்தோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரிதான் கூடும். ஹை ஃப்ரீக்வென்சில ஃபீல்டு உள்ள இறங்குறதுக்குள்ள மேல திசை மாறிடுது, கெடைக்குற நேரம் கம்மி, அதனாலதான் ஃபார்முலாவுல √f. ஃப்ரீக்வென்சி நாலு மடங்கானா டெப்த் பாதி. டிசின்னா நேரத்துக்கு லிமிட்டே இல்ல, மையம் வரைக்கும் போயிடும். இன்னொண்ணு, நல்ல கண்டக்டர்னா உள்ள ஈஸியா போகணுமேன்னு தோணும், ஆனா σ கூடுனா எதிர்க்கிற கரண்ட்டும் கூடுது, அதனால டெப்த் கொறையும்.

δ = 1/√(πfμσ)

காப்பருக்கு σ = 5.8×10⁷ போட்டா 50 ஹெர்ட்ஸ்ல சுமார் 9.3 மில்லிமீட்டர், 1 மெகாஹெர்ட்ஸ்ல 66 மைக்ரான், 1 கிகாஹெர்ட்ஸ்ல ரெண்டு மைக்ரான் சொச்சம். அந்த 66ஐ மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, மெகாஹெர்ட்ஸ்ல ஃப்ரீக்வென்சிய வர்க்கமூலம் எடுத்து 66ஐ அதால வகுத்தா காப்பர் கணக்கு எல்லாத்துக்கும் மைக்ரான்ல விடை வந்துடும், வர்ச்சுவல் கால்குலேட்டர்ல மவுஸ வச்சு தட்டிக்கிட்டு இருக்க வேண்டாம். இதையே δ = √(2/(ωμσ))ன்னு ω வச்சு எழுதுற ஃபார்முலாவுல மறந்து f போட்டுட்டா 66க்கு பதிலா 166 வரும், அந்த நம்பர பாத்தாலே தப்பு எங்கன்னு தெரிஞ்சிடும்.

ஸ்கின் டெப்த்ன்னா அதுக்குக் கீழ கரண்ட்டே இல்லன்னு அர்த்தம் இல்ல, இத ஸ்ட்ராங்கா பிடிச்சுக்கோங்க. அந்த ஆழத்துல ஃபீல்டு மேல இருந்ததுல 37 சதவீதம், அவ்ளோதான். பவர் கேட்டா ஸ்கொயர் பண்ணணும், 13.5 சதவீதம், டிபில சொன்னா ஒரு δக்கு 8.69 டிபி. உள்ள இருக்கிற கரண்ட்ட இப்படி எழுதலாம்:

J = J₀ e^(−x/δ) cos(ωt − x/δ)

எக்ஸ்பொனென்ஷியல்லயும் கொசைன்லயும் அதே δ இருக்கு, அதாவது α = β = 1/δ. இத வச்சு πδ ஆழத்துக்கு போய் பாருங்க, கொசைன் உள்ள 180 டிகிரி தள்ளிப்போயிருக்கு, அதாவது மேல கரண்ட் ஒரு பக்கம் ஓடும்போது அங்க எதிர்ப்பக்கமா ஓடிட்டு இருக்கு! 1 மெகாஹெர்ட்ஸ் காப்பர்ல அது சுமார் 0.2 மில்லிமீட்டர் ஆழம், அளவு மேல இருக்கிறதுல 4.3 சதவீதம்தான், ஆனா இருக்கு. இன்ட்ரின்சிக் இம்பிடென்ஸ் 45 டிகிரி ஆங்கிள்ல வர்றதுக்கும் α, β சமமா இருக்கிறதுதான் காரணம், ஒரு மார்க் கேள்வியா வர்ற மேட்டர் அது.

இப்ப ஒரு கணக்கு. ஆரம் 1 மில்லிமீட்டர் இருக்கிற காப்பர் கம்பி, 1 மீட்டர் நீளம். டிசி ரெசிஸ்டன்ஸ் 1/(σπa²), போட்டா 5.5 மில்லிஓம். 1 மெகாஹெர்ட்ஸ்ல கரண்ட் முழுக்க 66 மைக்ரான் தடிமன் வளையத்துல சமமா ஓடுதுன்னு எடுத்துக்கலாம். நெஜத்துல அப்படி ஓடல, ஆனா எக்ஸ்பொனென்ஷியலா கொறையுற கரண்ட்டோட மொத்த லாஸும் இந்த சமமான வளையத்தோட லாஸும் கணக்குல ஒண்ணா வருது, அதனால தைரியமா செய்யலாம். வளையத்த விரிச்சா அகலம் 2πa, தடிமன் δ, ரெசிஸ்டன்ஸ் 1/(σ·2πa·δ), அதாவது 41.5 மில்லிஓம். விகிதம் a/2δ, சுமார் ஏழரை மடங்கு. வளைவையும் சேர்த்து கரெக்ட்டா வேணும்னா இந்த விகிதத்தோட 0.25ஐ கூட்டணும், விடை 43 மில்லிஓம் பக்கம் போகும், என்ஏடி கேள்வின்னா எந்த ரேஞ்ச் எதிர்பாக்குறாங்கன்னு கேள்வியோட வார்த்தைய பாத்து முடிவு பண்ணுங்க.

இதே கம்பிக்கு 50 ஹெர்ட்ஸ்ல a/2δ போட்டு பாருங்க, 0.05 வரும். ஏசி ரெசிஸ்டன்ஸ் டிசிய விட இருபதுல ஒரு பங்கா? நடக்காது. δ 9.3 மில்லிமீட்டர், கம்பி ஆரமே 1தான், கம்பி முழுக்க ஸ்கின்னுதான், டிசி விடையவே போட்டுட்டு போயிடணும். ஏசி விடை டிசிய விட கம்மியா வந்தாலே ஃபார்முலா அதோட எல்லைய தாண்டிடுச்சுன்னு புரிஞ்சுக்கலாம், a வந்து δவ விட நல்லா பெருசா இருந்தாதான் இது செல்லும்.

இரும்புல μவ மறக்கிறவங்க அதிகம். காப்பர விட இரும்பு மோசமான கண்டக்டர், அப்ப டெப்த் கூடணும்னு ஆப்ஷன டிக் பண்ணிடுவாங்க. σ = 10⁷, μr = 1000ன்னு கேள்வில குடுத்திருந்தா 50 ஹெர்ட்ஸ்லயே 0.7 மில்லிமீட்டர்தான் வரும், காப்பருக்கு 9.3.

கடைசியா, "குட் கண்டக்டர்"ங்கிற வார்த்தை கேள்வில இல்லன்னா முதல்ல σ/ωε பாருங்க. கடல் தண்ணிதான் இதுக்குன்னே கேக்குற மெட்டீரியல், σ = 4, εr = 81ன்னு குடுப்பாங்க. 1 கிலோஹெர்ட்ஸ்ல இந்த விகிதம் பத்து லட்சத்துக்கு கொஞ்சம் கம்மி, தாராளமா ஃபார்முலா போடலாம், 8 மீட்டர் வரும். சப்மெரினுக்கு தகவல் அனுப்ப கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு கீழ இறங்கிப் போறதும் இதனாலதான். அதே தண்ணிக்கு அதே நம்பர வச்சு 10 கிகாஹெர்ட்ஸ் கேட்டா விகிதம் 0.09, அங்க அது லாஸி டைஎலக்ட்ரிக் மாதிரிதான் நடந்துக்கும், α ≈ (σ/2)√(μ/ε) எடுத்துக்கிட்டு போங்க, ஸ்கின் டெப்த் ஃபார்முலாவ தொடவே கூடாது.