ஒரு பத்திக்குள் வராத வரி

“முழு அத்தியாயத்திலயும் எங்களுக்கெண்டு ஒரு வரியும் இல்லையோ பிள்ளை?” என்று அந்த ஐயா கேட்டார். “இருக்கு ஐயா, ஆனா அது சுருக்கத்துக்குள்ள வராது” என்றேன். நான் சொன்னது பொய்யில்லை. அப்போது அதுதான் சரியான பதில் என்று நினைத்தேன், இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். மற்றப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் சுருக்கிக்கொண்டிருந்த நூலில் அந்த அத்தியாயம் சிறுகுளங்களைப் பற்றியது. 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்கு நீர் கொடுக்கும், கமநல சேவை நிலையத்தின் பொறுப்பில் இருக்கும் குளங்கள். இரணைமடு மாதிரிப் பெரிய குளங்கள் அதில் வராது. பக்கங்கள் அதிகம், வாசிக்க வேண்டியவர்களுக்கு நேரம் குறைவு. கமக்காரர் அமைப்புகளுக்கும் அலுவலர்களுக்கும் அனுப்ப ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரே பத்தி, அதில் எங்கள் கருத்து எதுவும் இருக்கக்கூடாது. அலுவலகத்தின் நிபந்தனை அவ்வளவுதான்.

முதல் வரைவைத் தம்பி எழுதினான் (கூட வேலை செய்பவன், சொந்தத் தம்பி இல்லை). “குளங்களைத் தூர்வாரும் முறைகளையும் அதன் சிக்கல்களையும் இவ்வத்தியாயம் விரிவாக விளக்குகிறது” என்று தொடங்கியிருந்தான். பக்கக் கணக்கில் பார்த்தால் அது நியாயம்தான், ஏனென்றால் அத்தியாயத்தில் ஏறக்குறைய பாதி தூர்வாருவதைப் பற்றித்தான். ஆனால் அத்தியாயம் எதைப் பற்றிப் பேசுகிறது என்பது வேறு, எதைச் சொல்கிறது என்பது வேறு. “தூர்வாருவதை விளக்குகிறது” என்று கேட்டவருக்குக் குளத்தைத் தூர்வாரச் சொல்கிறதா வேண்டாம் என்கிறதா என்று தெரியாது.

நான் இப்படிச் செய்வேன். முதல் வாசிப்பில் பேனை எடுப்பதில்லை. இரண்டாம் வாசிப்பில் ஒவ்வொரு பகுதியின் ஓரத்திலும் அது எதற்காக அங்கே இருக்கிறது என்று ஒரு வரி எழுதுவேன். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அங்கே எழுதுவதில்லை. இந்த அத்தியாயத்தில் ஒரு குளம் வற்றிய கதைக்கு நேரே “வாசகரை உள்ளே இழுக்க” என்று எழுதினேன். பேராசிரியர் மத்தும பண்டார 1985இல் குளத்தொடருக்குக் கொடுத்த வரைவிலக்கணத்துக்கு நேரே “அடித்தளம்”. தூர்வாருதல் பகுதி முழுவதற்கும் “ஆதாரம்: தனிக் குளமாகப் பார்த்தால் என்ன பிழையாகும்”. அப்போதுதான் தெரிந்தது, அந்தப் பாதிப் பக்கங்களும் ஒரு வாக்கியத்தைத் தாங்கத்தான் நிற்கின்றன. குளங்கள் ஒரே சிற்றாற்றின் வழியே மேலிருந்து கீழாகக் கோர்த்துக் கிடக்கின்றன, ஆகவே ஒன்றைத் தனியாகத் திருத்த முடியாது. அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டால் தூர்வாருதல் வெறும் கைநூல். தூர்வாருதலை எடுத்துவிட்டாலும் அந்த வாக்கியம் நிற்கும், ஆதாரம் மெலியும், அவ்வளவுதான். மையக் கருத்தைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த ஒரே சோதனை இதுதான்.

பிறகு அத்தியாயத்தை மூடிவிட்டு எழுதினேன். திறந்து வைத்து எழுதினால் நூலாசிரியரின் வாக்கியங்கள் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். எழுதி முடித்ததும் திறந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அத்தியாயத்தில் இடத்தைத் தேடி விரலை வைத்தேன். விரல் வைக்க இடமில்லாத வாக்கியம் என்னுடையது, அது போக வேண்டும். தம்பியின் வரைவில் அப்படி இரண்டு அகப்பட்டன. ஒன்று, “துரதிர்ஷ்டவசமாக இது கவனிக்கப்படுவதில்லை.” அத்தியாயத்தில் துரதிர்ஷ்டம் எங்கும் இல்லை. மற்றது இன்னும் நுட்பமானது. “கீழ்க்குளத்துக்கு நீர் குறையலாம்” என்று நூலாசிரியர் எழுதியதை அவன் “குறையும்” என்று எழுதியிருந்தான். யாரும் அதைக் கருத்து என்று சொல்லமாட்டார்கள், ஆனால் நூலாசிரியர் தயங்கிய இடத்தில் நாங்கள் உறுதியாகிவிட்டோம்.

கடைசியில் போன பத்தி இது. அதில் வான் என்பது குளம் நிறைந்தால் மிகைநீர் வழிந்தோடும் இடம், துருசு என்பது வாய்க்காலுக்கு நீர் திறந்துவிடும் மதகு:

“சிறுகுளங்கள் ஒரே சிற்றாற்றின் வழியே தொடராக அமைந்தவை என்றும், மேற்குளத்தின் வானாலும் வயலாலும் வடியும் நீரே கீழ்க்குளத்தைச் சேர்வதால் ஒன்றில் செய்யும் மாற்றம் மற்றதைப் பாதிக்கும் என்றும் நூலாசிரியர் கூறுகிறார். மேற்குளத்தின் வானை உயர்த்தினால் கீழ்க்குளத்துக்கு நீர் குறையலாம். கீழ்க்குளத்தின் வானை உயர்த்தினால் அதற்கு மேலே உள்ள வயல்கள் மூழ்கலாம். துருசின் மட்டத்துக்குக் கீழே ஆழமாக்குவது பாசன நீரைக் கூட்டாது. அளவுமீறித் தோண்டினால் அடியிலுள்ள களிப்படை உடைந்து நீர் கசியவும் கூடும். ஆகவே எந்தக் குளத்தையும் திருத்துமுன் தொடர் முழுவதையும் ஆராயுமாறு அவர் பரிந்துரைக்கிறார்.”

எந்த வாக்கியத்துக்கும் விரல் வைத்துக் காட்டுவேன். துருசைப் பற்றிய வரியைக்கூடச் சிலர் என் கருத்து என்று நினைத்தார்கள், ஆனால் அது அத்தியாயத்திலேயே படத்தோடு இருக்கிறது. நீர் வெளியேறும் வாய்க்குக் கீழே பெக்கோவால் எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்கு ஏறி வராது.

தம்பியின் வரைவில் இருந்து நான் வெட்டிய வாக்கியம் ஒன்று உண்டு. கட்டு உடையும் நிலையில் உள்ள குளத்தை, ஆய்வுக்குக் காத்திராமல், முதலில் பாதுகாக்க வேண்டும். அத்தியாயத்தின் கடைசிக்கு முன்பக்கத்தில் சின்னப் பந்தி ஒன்றில் இருந்தது. “இது விதிவிலக்கு, மையம் இல்லை. இதை விட்டால் மற்ற விதிவிலக்குகளையும் விடவேணும், இதைச் சேர்த்தால் எல்லாத்தையும் சேர்க்கவேணும்” என்று அவனுக்குச் சொன்னேன். “சரி அக்கா” என்றான். அவன் “சரி” என்றால் ஒத்துக்கொண்டான் என்று பொருளில்லை, அது எனக்குத் தெரியும்.

காலபோகத்துக்கு முந்திய கூட்டத்தில் அந்தப் பத்தியை ஒருவர் சத்தமாக வாசித்தார். ஐயாவின் குளத்தில் கட்டின் வெளிப்புறம் அடியில் ஒரு இடம் எப்போதும் ஈரமாகவே கிடக்கிறது, கறையான் புற்றும் இருக்கிறது என்று அவர்கள் மனுக் கொடுத்திருந்தார்கள். “தொடர் முழுவதையும் ஆராய்ந்த பிறகு பார்க்கலாம், நூலிலேயே அப்படித்தான் இருக்கிறது” என்று பதில் வந்தது. கூட்டம் முடிந்து வேப்பமரத்தடியில் அவர் என்னிடம் வந்து கேட்டதுதான் மேலே சொன்ன கேள்வி.

என் பதிலுக்குப் பிறகு அவர் கோபப்படவில்லை. “அப்ப புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டலாம்தானே பிள்ளை” என்றார். காட்டினோம், அது வேறு கதை. அந்த மழைக்குக் கட்டு உடையவில்லை, மண்மூடைகள் அடுக்கியிருந்தார்கள். உடைந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு குரலில் எழுதியிருப்பேன். ஆனால் பத்தி அதே பத்தியாகத்தான் இருந்திருக்கும். ஒரு சுருக்கம் சரியா பிழையா என்பதை நவம்பர் மழை தீர்மானிக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

தம்பியின் வாதம் வேறு. ஒரு விதிவிலக்கை விட்டதால், நூலாசிரியர் ஒப்புக்கொள்ளாத ஒன்றை வாசிப்பவர் அவர் பெயரால் செய்ய முடிந்தால், அது மையத்தின் ஒரு பகுதிதான் என்கிறான். “எந்தக் குளத்தையும்” என்று நீங்கள் எழுதினீர்கள் அக்கா, நூலாசிரியர் எழுதவில்லை. நான் போய்ப் பார்த்தேன். அவர் “குளங்களைத் திருத்துமுன்” என்றுதான் எழுதியிருந்தார். விரலை வாக்கியத்தின் மேல் வைத்திருந்தேன், அதன் ஒவ்வொரு சொல்லின் மேலும் வைக்கவில்லை. ஆனாலும், ஒரு பரிந்துரையைச் சுருக்கும்போது அது பொதுவாகத்தானே வரும் என்று அவனிடம் வாதாடினேன். “பொதுவாக வரலாம், முழுவதுமாக வரக்கூடாது” என்றான். இந்த ஒன்றில் அவன் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். மற்றதில் சாயவில்லை.

அந்த மற்றது இதுதான். அவன் சொல்லும் சோதனையை நடத்த, பத்தி யார் கையில் போகிறது, அவர் அதை வைத்து என்ன செய்வார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்து, அதற்கேற்ப ஒரு வரியைச் சேர்த்தால், அந்தத் தேர்வு நூலாசிரியருடையதா என்னுடையதா? ஐயாவின் கட்டு கசிகிறது என்று எனக்கு முன்பே தெரியும், மனு எங்கள் மேசை வழியாகத்தான் போனது. உண்மையில், தெரிந்ததால்தான் வெட்டினேன் என்றுகூடச் சில நாள் தோன்றுகிறது. அந்த வரியைச் சேர்த்தால் ஒரு மனுவுக்குப் பக்கம் சாய்வதாக யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம். வெட்டியதும் ஒரு பக்கம் சாய்ந்ததுதான் என்று தம்பி முகத்துக்கு நேரே சொல்லவில்லை, ஆனால் அவன் சொல்லாததும் எனக்குக் கேட்கிறது.

அடுத்த பதிப்பில் கடைசி வாக்கியம் இப்படிப் போனது: “ஆகவே, கட்டு உடையும் ஆபத்துள்ள குளங்கள் நீங்கலாக, குளங்களைத் திருத்துமுன் தொடர் முழுவதையும் ஆராயுமாறு அவர் பரிந்துரைக்கிறார்.” ஐந்து சொற்கள். இடம் இருந்தது. இதைப் பார்த்துத் தம்பி சிரித்தான், வென்றவன் சிரிப்புத்தான். நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் அன்றிரவு அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். துருசுக்குக் கீழே ஆழமாக்குவது பாசன நீரைக் கூட்டாது என்ற வாக்கியத்துக்கு அடுத்ததாகவே இன்னொன்று இருக்கிறது. அப்படித் தேங்கும் நீர் கோடையில் மாடுகளுக்கும், பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்காமல் இருக்கவும் உதவும். அதையும் முதலிலேயே விட்டிருந்தேன், தம்பியின் வரைவிலும் அது இல்லை. இன்றைக்குப் போய்க்கொண்டிருக்கும் பத்தியிலும் இல்லை. மாடு வைத்திருப்பவர்கள் யாரும் அந்தக் கூட்டத்துக்கு வந்து கேட்கவில்லை.